வாராவாரம் தண்ணீரைக் கொட்டியும் புழு குறையாத வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

வாரத்துக்கு ஒரு முறை தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் டெங்கு கொசு வளராது என்பது பலருக்கும் தெரிந்த விதி. விதியில் பிழை இல்லை. ஆனாலும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் வீடுகளிலேயே புழு நெளிவதைக் கொசு ஒழிப்பு வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு எரிச்சல் வருவது நியாயமே. "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொட்டுகிறோமே, பிறகு எப்படி?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே ஒரு வீட்டை வைத்துப் பார்க்கப்போகிறோம். இது ஒரு மாதிரி வீடு. ஆய்வுக்குப் போகும் இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் நிலைமைகளை ஒரே கூரையின் கீழ் வைத்து அமைத்தது. வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு அது மிகவும் வசதியான சூடு.

வீட்டில் இருப்பவை

பின்பக்கத்தில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருக்கிறது. மூடி உண்டு, ஆனால் வெயிலில் நெளிந்து ஒரு பக்கம் விரலளவு இடைவெளி விட்டிருக்கிறது. பால்கனியில் ஆறு பூந்தொட்டிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டு. உள்ளே ஜன்னலோரம் தண்ணீரில் வேர்விட்டு வளரும் கொடி வைத்த கண்ணாடி பாட்டில்கள் இரண்டு. சமையலறையில் ஃப்ரிட்ஜ், அதன் பின்பக்கம் அடியில் நீர் வடியும் தட்டு. பயன்பாட்டில் இல்லாத ஏர் கூலர் ஒன்று மூலையில் கிடக்கிறது. கூரை ஓரமாக மழைநீர் ஓடும் தகரக் கால்வாய் போகிறது.

ஞாயிறு காலை வழக்கம் இப்படி: தொட்டித் தட்டுகளில் இருக்கும் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். பாட்டில் தண்ணீரை மாற்றுவார்கள். டிரம்மில் இருப்பது புழக்கத்துக்கான தண்ணீர் என்பதால் அதைக் கொட்டுவதில்லை. தினமும் மொண்டு எடுத்து, குறையும்போது மேலே நிரப்பிக்கொள்வார்கள். ஃப்ரிட்ஜ் தட்டு, ஏர் கூலர், கூரைக் கால்வாய் மூன்றும் பட்டியலிலேயே இல்லை.

புதன்கிழமை கண்டது

ஞாயிறன்றே போய்ப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். அதனால் வாரத்தின் நடுவில் பார்ப்பதுதான் பயன் தரும். பார்க்கும் முறையிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. மேலே நிழல் விழுந்ததும் புழுக்கள் சட்டென்று அடிக்குப் போய்விடும். பார்த்தவர் "ஒன்றுமில்லை" என்று நகர்ந்துவிடுவார். டார்ச் அடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுவிட அவை மேலே வரும். வாலில் உள்ள குட்டையான மூச்சுக்குழாயை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். நகரும்போது பாம்புபோல வளைந்து வளைந்து போகும். கூட்டுப்புழு வேறு மாதிரி இருக்கும். தலை பருத்து, வால் மடங்கி, காற்புள்ளி வடிவில் மிதக்கும்.

புதனன்று தொட்டித் தட்டுகள் ஆறில் நான்கில் புழு இருந்தது. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளம். டிரம்மில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நூலிழைப் புழு முதல் கூட்டுப்புழு வரை எல்லா அளவிலும் இருந்தன. ஒரு பாட்டிலில் ஒன்றுமில்லை. மற்றதில், வேர்களுக்கு இடையில், பெரிய புழுக்கள் சில இருந்தன. ஃப்ரிட்ஜ் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர், அதில் கூட்டுப்புழுக்கள், கூடவே முன்பே கொசுவாகிப்போன கூட்டுப்புழுக்கள் விட்டுச்சென்ற வெளிறிய தோல்களும் மிதந்தன. அந்தத் தோல் முக்கியமான தடயம். கொசு ஏற்கெனவே வெளியேறிப் போய்விட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது.

புழுவின் வயதைப் படிப்பது

ஒரு பாத்திரத்தில் புழு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதி விஷயம் கைவிட்டுப்போகும். எந்த வயதுப் புழு இருக்கிறது என்பதுதான் பழக்கத்தில் எங்கே ஓட்டை என்று சொல்லித்தரும்.

பெண் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், கறுப்பு. கருப்புப் பிளாஸ்டிக்கில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடக்கூடியது, ஆனால் அத்தனையையும் ஒரே இடத்தில் வைக்காமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்துவைக்கும். இட்ட முட்டைக்குள் புழு உருவாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதன்பிறகு முட்டை தயார்நிலையில் காத்திருக்கும். தண்ணீர் ஏறி அதை நனைக்கும்வரை பொரியாது. நனையாவிட்டால் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நனைந்துவிட்டால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை பொரிந்துவிடும். எல்லாமே முதல் நனைப்பிலேயே பொரிவதில்லை. ஒரு பகுதி அடுத்த நனைப்புக்கும், அதற்கடுத்ததற்கும் மிச்சம் வைக்கப்படுகிறது.

பொரிந்த பிறகு, நாம் எடுத்துக்கொண்ட சூட்டில், புழு நான்கு முறை தோலுரித்துக் கூட்டுப்புழு ஆக ஐந்து முதல் ஏழு நாள். கூட்டுப்புழுவிலிருந்து கொசு வர இன்னும் சுமார் இரண்டு நாள். தீனி குறைந்தாலோ குளிர்ந்தாலோ இது நீளும். குறையும் வாய்ப்பு அவ்வளவாக இல்லை.

இந்தக் கணக்கை வைத்துப் புதன்கிழமைத் தட்டைப் பார்க்கலாம். தட்டு கடைசியாக ஞாயிறு காலை கவிழ்க்கப்பட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும் அன்றே மறுபடி நிறைந்தது. ஞாயிறுக்குப் பிறகு ஒரு கொசு வந்து முட்டை இட்டிருந்தால், முட்டைக்குள் புழு உருவாகவே செவ்வாயோ புதனோ ஆகியிருக்கும். அப்படியிருக்க 3, 4 மில்லிமீட்டர் புழு புதனன்று இருக்க வழியே இல்லை. ஆகவே இந்தப் புழுக்கள் ஞாயிறுக்கு முன்பே தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த முட்டைகளிலிருந்து வந்தவை. தண்ணீரைக் கொட்டியபோது அவை விழவில்லை. புதுத் தண்ணீர் ஊற்றியதும் ஒரே நேரத்தில் நனைந்து ஒரே நாளில் பொரிந்தன. எல்லாப் புழுவும் ஒரே அளவில் இருந்ததற்கும் அதுவே காரணம். தண்ணீரை மாற்றிய அந்த ஞாயிறுதான் அந்த முட்டைகளுக்குப் பொரிக்கும் நாளாக அமைந்தது.

"சரி, அடுத்த ஞாயிறு மறுபடி கொட்டிவிடுவோமே, அதற்குள் கொசுவாகிவிடாதே" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஏழாவது நாளில் அவை பெரும்பாலும் முதிர்ந்த புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ இருக்கும். அன்று கொட்டினால் போய்விடும். ஆனால் கையில் இருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்: ஏறக்குறைய பூஜ்யம். ஞாயிறு விசேஷத்துக்குப் போய்விட்டுச் செவ்வாயன்று கொட்டினால் ஒரு கூட்டம் முழுவதும் பறந்துவிட்டிருக்கும்.

தட்டின் சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. பழைய முட்டைகள் இல்லாததால் இனிமேல் வரும் கொசு இடும் முட்டையிலிருந்துதான் எல்லாம் தொடங்கவேண்டும். உருவாக இரண்டு மூன்று நாள், பொரிந்து வளர ஏழு நாளுக்குக் குறையாமல். ஆக, பத்து நாள் வரை நம் பக்கம். தேய்ப்பது சுத்தத்துக்காக மட்டும் அல்ல, நமக்குக் கூடுதலாக இரண்டு மூன்று நாள் வாங்கித்தருகிறது. வார விதி நடைமுறையில் தாக்குப்பிடிப்பது இந்த இரண்டு மூன்று நாளை நம்பித்தான். தேய்க்காமல் கொட்டுபவர் ஒரு நாள்கூடத் தவறமுடியாது. தேய்த்துக் கொட்டுபவருக்கு ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போனாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை.

டிரம், எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை

டிரம்மில் எல்லா வயதுப் புழுவும் இருந்தது தட்டுக்கு நேர் எதிரான கதை. அங்கே ஒரு நாளில் மட்டும் பொரிக்கவில்லை. தினமும் பொரிக்கிறது. காரணம் எளிது: காலையில் மொண்டு எடுக்கும்போது நீர்மட்டம் இறங்குகிறது, சுவரில் புதிதாக ஓர் ஈரப்பட்டை தெரிகிறது, மூடி இடைவெளி வழியாக உள்ளே வந்த கொசு அந்தப் பட்டையில் முட்டை இடுகிறது. சாயங்காலம் மேலே நிரப்பும்போது முன்பே தயாராக இருந்த முட்டைகள் நனைகின்றன. முட்டை இடவும் பொரிக்கவும் வேண்டிய இரண்டு வசதியும் தினசரி கிடைக்கின்றன. கொசு உற்பத்தியை வேண்டுமென்றே வடிவமைத்தால்கூட இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது.

முழுவதும் காலி செய்ய முடியாத பாத்திரத்துக்கு வாராந்திர வேலை இப்படிப் போகவேண்டும். முதல் நாளே தண்ணீரைத் தாராளமாகப் புழங்கி மட்டத்தை அடிக்கு இறக்கிவிட வேண்டும். மீதி இருப்பதை நெருக்கமான நெசவுத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம், துணியில் நிற்கும் புழுவைக் காய்ந்த தரையில் உதறவேண்டும். பிறகு வாளி கழுவும் கடினமான பிரஷால் உட்சுவரைச் சுற்றித் தேய்க்கவேண்டும். அடி அவ்வளவு முக்கியம் இல்லை. அந்த வாரத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கிய பகுதி முழுவதும்தான் முக்கியம். டிரம்மில் அது பாதி உயரத்துக்கு மேலேகூட இருக்கலாம். மேல் விளிம்பின் உள்மடிப்பையும், மூடியின் உள்பக்கத்தையும் பலர் விட்டுவிடுவார்கள். விடக்கூடாது.

ஸ்பாஞ்ச் போதாது. முட்டை சுவரில் பசைபோட்டது போல ஒட்டியிருக்கும், மெத்தென்ற ஸ்பாஞ்ச் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். சொரசொரப்பான சிமென்ட் தொட்டியாக இருந்தால் பிரஷும் திணறும், முட்டைகள் குழிகளுக்குள் இருக்கும். அங்கே மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் கையாளப்பட்ட ஒரு முறை உதவும். வீட்டில் வெள்ளைத் துணிக்குப் பயன்படுத்தும் பிளீச் திரவத்தில் சோப்புத்தூளைக் கலந்து, சொட்டாமல் சுவரில் ஒட்டி நிற்கும் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். அதை நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவரில் பூசி 10 முதல் 15 நிமிடம் விட்டுவிடவேண்டும். பிளீச் முட்டையின் ஓட்டைச் சிதைத்துவிடும், சோப்புத்தூள் அதைச் சுவரில் நிறுத்திவைக்கும். பிறகு தேய்த்து, இரண்டு மூன்று முறை அலசவேண்டும். பாதியில் அவசரப்பட்டு அலசினால் முட்டை செத்திருக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதோடு கழிப்பறைக்கு ஊற்றும் அமிலம் எதையும் கலக்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பிவிடும். மூடிய குளியலறையில் அது உயிராபத்து.

தேய்த்த தண்ணீரை எங்கே ஊற்றுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். பிரஷால் சுரண்டிய முட்டைகள் சாகவில்லை, இடம்தான் மாறியிருக்கின்றன. அந்தக் கழுவிய நீரைச் செடித்தொட்டியிலோ, தேங்கி நிற்கும் வடிகாலிலோ ஊற்றினால் வேறு விலாசத்தில் பொரிக்கும். வெயில் படும் காய்ந்த தரையில் பரவலாக ஊற்றவேண்டும். புழு சீக்கிரம் செத்துவிடும். கூட்டுப்புழு அவ்வளவு சுலபத்தில் சாகாது. அது எதையும் தின்பதில்லை, உள்ளே கொசு உருவாகிவிட்டிருக்கும், ஈரமண்ணில் விழுந்தாலும் சிலது பறந்துவிடக்கூடும். அதனால்தான் ஈரத்தரையைவிடக் காய்ந்த தரை நல்லது.

டிரம்மில் நெளிந்த மூடிக்குப் பதில் துணி கட்டுவது பலர் கையாளும் வழி. கட்டலாம், ஆனால் தளர்வாகக் கட்டினால் நடுவில் தொங்கி நீரைத் தொடும். துணி ஈரமாகும். ஈரத்துணியின் மேல் கொசு முட்டை இடும், பொரிந்த புழு துணி வழியே கீழே இறங்கிவிடும். இழுத்துக் கட்டி, விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, நீர்மட்டத்துக்கும் துணிக்கும் ஒரு சாண் இடைவெளி இருப்பதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். துணி கட்டியாயிற்றே என்று வாராந்திரத் தேய்ப்பை நிறுத்துவதும் சரியல்ல. தினம் நாலு முறை திறந்து மூடுகிற பாத்திரத்தின் மூடி முழுப் பாதுகாப்பு ஆகாது.

இறக்கவே முடியாத பெரிய தொட்டிக்கு மருந்து போடும் முறை இருக்கிறது. டெமிபாஸ் 1 சதவீத மணல் குருணை 100 லிட்டருக்கு 10 கிராம் என்பது வழக்கமான அளவு. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பார்த்துப் போடுவதே முறை, வீட்டுக்காரர் கைக்கணக்கில் போடுவது சரியல்ல. பிடிஐ எனப்படும் நுண்ணுயிர் மருந்து புழு தின்றால்தான் வேலை செய்யும். மேலே சொன்னபடி கூட்டுப்புழு தின்பதில்லை. ஆகவே பிடிஐ போட்ட அடுத்த இரண்டு நாளில் கொசு வருவதைப் பார்த்து "மருந்து டூப்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவை மருந்து போடும்போதே கூட்டுப்புழுவாக இருந்தவை.

பாட்டில், ஃப்ரிட்ஜ் தட்டு

ஒரே வழக்கத்தில் இருந்த இரண்டு பாட்டில்களில் ஒன்றில் மட்டும் பெரிய புழு எப்படி? அந்தப் பாட்டிலில் வேர் அடர்த்தியாகப் பின்னிக்கிடந்தது. தண்ணீரைச் சாய்த்துக் கொட்டியபோது வேர்ச்சிக்கலில் ஈரம் நின்றது, சிறு புழுக்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டு தப்பித்தன. புதுத் தண்ணீர் ஊற்றியதும் விட்ட இடத்திலிருந்து வளர்ந்தன. பொரிந்து மூன்றே நாளில் எட்டமுடியாத அளவு வளர்ச்சி புதனன்று தெரிந்ததற்கு அதுதான் விளக்கம். செடியை வெளியே எடுத்து வேரைக் குழாய் நீரின் ஓட்டத்தில் அலசவேண்டும். பாட்டிலின் கழுத்துப் பகுதியைப் பாட்டில் பிரஷால் தேய்க்கவேண்டும். வாயைச் செடித்தண்டைச் சுற்றிப் பஞ்சால் அடைத்துவிட்டால் கொசு உள்ளே போகாது, ஆனால் பஞ்சு நனையாமல் இருக்கவேண்டும். இதெல்லாம் வாராவாரம் முடியாது என்றால் அந்தச் செடியை மண்ணுக்கு மாற்றிவிடுவதே நேர்மையான முடிவு.

ஃப்ரிட்ஜ் தட்டைப் பலருக்கு இருப்பதே தெரியாது. பனி உருகிய நீர் குழாய் வழியே வந்து அதில் விழும், கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகும் என்பது திட்டம். கதவை அடிக்கடி திறக்கும் வீட்டில், காற்றில் ஈரம் மிகுந்த மாதங்களில், வரும் நீரைவிட ஆவியாவது குறைவு. வெதுவெதுப்பான, இருண்ட, யாரும் தொடாத நீர். உரித்த தோல்கள் குவிந்திருந்ததில் வியப்பில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, தட்டைக் கழற்றித் தேய்க்கவேண்டும். சில மாடல்களில் தட்டு கழலாது, அங்கே உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுவரை அழுத்தித் துடைக்கலாம். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் போதும் என்று சொல்வதைக் கேட்டு ஏமாறவேண்டாம். சிறிதளவு உப்புநீரில் இந்தக் கொசுவின் புழு வளரக்கூடியது.

தட்டுகளுக்கு மணல்

பூந்தொட்டித் தட்டுகளை எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுவதுதான் மேல். வேலையே இல்லாமல் போய்விடும். எடுக்க முடியாவிட்டால் பருமணலை விளிம்புவரை நிரப்பலாம். நீர் மணற்துகள்களுக்கு இடையில் நிற்கும், திறந்த நீர்ப்பரப்பு இருக்காது. புழுவுக்கு நீந்த இடமில்லை. ஆனால் சில வாரங்களில் மணல் அமர்ந்துவிடும், செடிக்கு ஊற்றிய நீர் மேலே ஏறி நிற்கும். விரலை மணலில் அழுத்திப் பாருங்கள். பள்ளத்தில் நீர் ஊறி நின்று பளபளத்தால் மணல் சேர்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. நுண்மணல் வேண்டாம், இறுகிப்போய் மேலே குளம் கட்டும்.

மாற்றிய பிறகு என்ன நடக்கும்

வீட்டுக்காரர்கள் ஞாயிறு வழக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரம் சனிக்கிழமை இறக்கப்பட்டு ஞாயிறு தேய்க்கப்படுகிறது. நான்கு தட்டுகள் எடுக்கப்பட்டன, இரண்டுக்கு மணல். அடர்ந்த வேர்க்கொடி மண்ணுக்குப் போனது. ஃப்ரிட்ஜ் தட்டும் சுற்றில் சேர்ந்தது. வேலை வரிசையையும் ஒரே பாதையாக வைத்துக்கொண்டார்கள்: கூரையில் தொடங்கி, பால்கனி, உள்ளே, கடைசியில் பின்பக்கம். எந்த வரிசையாக இருந்தாலும் சரி, வாராவாரம் மாறக்கூடாது. மாறினால் ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

முதல் வாரத்தில் கடி குறையாது. பெண் கொசு இரண்டு முதல் நான்கு வாரம் உயிரோடு இருக்கக்கூடியது, முன்பே பறந்தவை இன்னும் வீட்டில் இருக்கும். ஓரிரு வாரத்தில் "பயனில்லை" என்று பலர் விடுவது இந்தக் கட்டத்தில்தான். புகையடிப்பது அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் குறைக்கும், ஆனால் தண்ணீரில் இருக்கும் புழுவையோ சுவரில் இருக்கும் முட்டையையோ தொடாது. வீட்டில் யாருக்காவது டெங்கு வந்திருந்தால் நாள்கணக்கு இன்னும் கறாராகிறது. காய்ச்சலில் இருப்பவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது, அதன் உடலில் கிருமி பெருகிப் பரவ 8 முதல் 12 நாள் பிடிக்கும். ஆகவே புதிதாக எந்தக் கொசுவும் கிருமியை எடுத்துக்கொள்ளாதபடி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் நோயாளிக்குப் பகலிலும் கொசுவலை கட்டுவதே உடனடியாகச் செய்யவேண்டியது. தேய்ப்பது அடுத்த தலைமுறைக் கொசுவுக்கான வேலை.

வேலை பலிக்கிறதா என்று கடியை எண்ணித் தெரிந்துகொள்வதைவிட முட்டையை எண்ணுவது நம்பகமானது. கருப்பு நிறக் குவளை ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, உள்ளே சுவரை ஒட்டிச் சொரசொரப்பான வெளிர்நிறத் துணிப் பட்டையைச் சுற்றி, பாதி நனைந்திருக்குமாறு நிழலில் வைத்தால் போதும். கொசு அந்தப் பட்டையில் முட்டை இடும். வாரம் ஒரு முறை எடுத்து லென்ஸில் பார்த்தால் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளை எண்ணலாம். எண்ணியபின் பட்டையை எரித்துவிட்டு, குவளையைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் வையுங்கள். ஒரு வாரம் மறந்தால் இந்தக் குவளையே கொசு வளர்க்கும் பாத்திரம் ஆகிவிடும். மறப்பவர்கள் இதை வைக்காமலிருப்பதே நல்லது.

நம் மாதிரி வீட்டில் நான்காவது வாரத்தில் பாத்திரங்கள் எதிலும் புழு இல்லை, ஆனால் பட்டையில் முட்டை தொடர்ந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, பக்கத்து வீடுகளிலிருந்து வருகிறது. இந்தக் கொசு பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள் சுற்றுவது, அதனால் சுற்றியுள்ள நாலைந்து வீடுகளும் அதே நாளில் இறங்காமல் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. 1901-இல் கியூபாவின் ஹவானாவில் இதே கொசு பரப்பிய மஞ்சள் காய்ச்சலை அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ் ஒழித்தபோதும் ஆட்கள் ஒரு வீடு விடாமல் நுழைந்து தண்ணீர்ப் பாத்திரங்களைப் பார்த்தார்கள். இரண்டாவது விளக்கம், வீட்டிலேயே ஒளிந்திருக்கும் இடம் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இங்கே இரண்டாவதுதான். கூரைத் தகரக் கால்வாயில் ஒரு மூலையில் சருகு அடைத்து, மழை பெய்த பின் பத்து நாள் வரை நீர் நிற்கிறது. காய்ந்திருக்கும்போது பார்த்ததால் முதல் ஆய்வில் அது பிடிபடவில்லை. கால்வாயைச் சருகு நீக்கி, ஒரு குவளை நீரை மேல்முனையில் ஊற்றிப் பார்க்கவேண்டும். அது நிற்காமல் ஓடிவிட்டால் சரிவு சரி. எங்காவது தங்கினால் தாங்கியை உயர்த்திச் சரிவைத் திருத்தவேண்டும், வாராவாரம் ஏணி வைத்து ஏறித் தேய்ப்பது யாருக்கும் நிலைக்காது.

மீதி இருப்பது ஏர் கூலர். மாதக்கணக்கில் காய்ந்து கிடப்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சென்ற பருவத்தில் கடைசியாக நீர் இறங்கிய கோட்டை ஒட்டித் தொட்டிச் சுவரிலும் நார்ப்பட்டையிலும் ஒட்டிய முட்டைகள் இன்னும் பொரிக்கும் நிலையில் இருக்கலாம். கோடை தொடங்கும் நாளில் நேராகத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் சேர்ந்து பொரிக்கும். அதனால் முதல் தண்ணீருக்கு முன்பு தொட்டிச் சுவரைப் பிளீச்சும் சோப்புத்தூளும் பூசி, 15 நிமிடம் விட்டுத் தேய்க்கவேண்டும். பழைய நார்ப்பட்டையைக் கழுவி மறுபடி போடுவதைவிட எரித்துவிட்டுப் புதிது வாங்கிப் போடுவதே பாதுகாப்பு. பருவம் முடிந்து எடுத்துவைக்கும் நாளிலும் இதே வேலையைச் செய்துவிட்டு, அடி மூடியைத் திறந்து முழுக்க வடித்து, கவிழ்த்து வைக்கவேண்டும்.